உயர் கணுக்கால் சுளுக்கு: வீக்கம் அளவுகோல் அன்று

கால்பந்து வீரர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், 'சுளுக்குதான், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்' என்று கூறுவது வழக்கம். ஒரே சொல் இருவேறு காயங்களை மறைப்பதே இங்குள்ள சிக்கல்.

வழக்கமான சுளுக்கில் பாதம் உட்புறம் மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் கிழிகிறது. உயர் சுளுக்கு அவ்வாறானதன்று. தரையில் ஊன்றிய கால்மீது எதிரணி வீரர் மோத, பாதம் வெளிப்புறமாக முறுக்கப்படுகிறது. மூட்டுக்கு மேலே டிபியா, பிபுலா என்னும் இரு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் சிதைகின்றன.

அவ்வெலும்புகளின் பிடிக்குள் அமர்ந்திருக்கும் டாலஸ் எலும்பு முன்புறம் அகன்றது. முழங்கால் பாதத்துக்கு முன்னே சாயும் ஒவ்வோர் அடியிலும் அவ்வகன்ற பகுதி ஆப்பாக நுழைந்து இரண்டையும் விலக்கப் பார்க்கிறது. ஆறத் தொடங்கிய நார் நடக்கும்போதெல்லாம் இழுபடுகிறது. ஆகவே வழக்கமான சுளுக்குக்குப் போதுமான இரண்டு, மூன்று வாரங்கள் இதற்குப் போதா. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்கள், சில வேளை அதற்கும் மேல் ஆகும்.

இக்காயத்தில் வீக்கம் குறைவாகவே தோன்றலாம். அதுவே பயிற்சியாளரை ஏமாற்றுகிறது. கெண்டைக்காலின் நடுவே இரு எலும்புகளையும் சேர்த்து அழுத்தும்போது வலி கணுக்காலுக்கு மேலே எழுந்தாலோ, பாதத்தை வெளிப்புறம் திருப்பும்போது அங்கேயே வலித்தாலோ ஐயம் கொள்ள வேண்டும். படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரே இயல்பாகத் தெரியலாம். எடை தாங்கி நின்று எடுப்பதில்தான் இடைவெளி வெளிப்படக்கூடும். எலும்புகள் விலகியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

ஆதலின் வீரரைக் களத்துக்கு அனுப்பும் முடிவை நாட்காட்டியோ வீக்கமோ தீர்மானிக்கலாகாது. அடிபட்ட காலால் மட்டும் வலியின்றித் துள்ள முடிகிறதா என்பதே முதல் வினாவாக இருக்க வேண்டும்.