பேட்டிங் ஆர்டர் ரேங்க் லிஸ்ட் இல்ல!

மெஸ்ல ரெண்டு நாளா ஒரே கேள்வி: "நம்ம டீமோட பெஸ்ட் ஹிட்டரை ஏன்டா ஆறாவதா இறக்குற?" டிபார்ட்மென்ட் டீம் கேப்டனா நான்தான் பதில் சொல்லணும்.

2011 உலகக் கோப்பை ஃபைனலை நினைச்சுப் பாருங்க. இலக்கு 275. 114 ரன்ல கோலி அவுட். அடுத்து யுவராஜ் வருவார்னு பார்த்தா, தோனி வந்தார். கிரீஸ்ல ஏற்கெனவே இடது கை கம்பீர் இருந்தார். இலங்கை கையில் முரளிதரன், ரந்திவ்னு ஆஃப் ஸ்பின்னர்கள். ஆஃப் ஸ்பின் இடது கை பேட்ஸ்மேனை விட்டு வெளியே திரும்பும், வலது கைக்கு உள்ளே வரும். ரெண்டு பேரும் இடது கைன்னா பவுலர் ஒரே லைன்ல போட்டுக்கிட்டே இருக்கலாம். முரளியை சி.எஸ்.கே. வலைப்பயிற்சியில் ஆடிப் பழகினவர் தோனி. அன்னிக்கு அவர் 91 நாட் அவுட்.

நம்ம கதையும் அதேதான். நம்ம ஹிட்டர் இடது கை. எதிரணியோட ஆஃப் ஸ்பின்னர் ஏழாவது ஓவர்ல இருந்து பதினஞ்சு வரைக்கும்தான் போடுறார். அதுவரை ஸ்வீப் நல்லா ஆடுற வலது கை ஆட்கள் நாலுலயும் அஞ்சுலயும் இறங்குவாங்க. ஸ்பின்னர் நாலு ஓவரையும் சீக்கிரமே முடிச்சுட்டா, அடுத்த விக்கெட்டுக்கே ஹிட்டர்தான். எட்டு ஓவருக்குள்ள நாலு விக்கெட் போச்சுன்னா பிளான் காலி, அவன் ஸ்பின்னை ஆடித்தான் ஆகணும்.

ஆறுன்னு எழுதினது அவனோட மார்க் இல்ல. அவன் அடிக்க வேண்டிய ஓவர் எப்போ வரும்ங்கிற கணக்கு.