நம்பர் கூடினால் ஊசி மெல்லிசு!

"குழந்தைக்கு 23-ஆம் நம்பர் ஊசியாமே! சின்ன நம்பராப் போடச் சொல்லட்டுமா மாமி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண். "அது தலைகீழ்க் கணக்குடி!" என்றேன்.

கம்பியை அச்சுத் துளைகளில் இழுக்க இழுக்க மெலியும், நம்பரும் கூடும். அந்தக் கம்பிக் கணக்குதான் ஊசிக்கும். 18-ஆம் நம்பர் ஊசியின் பருமன் 1.2 மி.மீ.; 23-ஆம் நம்பர் அதில் பாதி, 0.6 மி.மீ.தான்!

நீளம் வேறு விஷயம். உறையில் 0.6 x 25 மி.மீ. என்றிருந்தால் முதலாவது பருமன், அடுத்தது நீளம். கைக்குழந்தையின் தொடைச் சதையில் போடும் தடுப்பூசிக்கு 25 மி.மீ., அதாவது ஓர் அங்குலம் வேண்டும். 'பாவம், பிஞ்சுக் குழந்தை' என்று குட்டை ஊசியாகப் போட்டால் மருந்து கொழுப்பிலேயே தங்கிவிடும். வீக்கமும் சிவப்பும்தான் அதிகமாகும்.