"ஒண்டும் செய்ய வேண்டாம்" எண்டு எழுதாதேங்கோ

எங்களில் ஒருத்தியின்ர அம்மம்மாவுக்கு 84 வயது. இதயம் பலவீனம், பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். "கடைசி நேரத்தில என்னை மெசினில போட்டு வதைக்காதேங்கோ" என்று அவ சொன்னதை மாமா ஒரு கொப்பியில் இப்படி எழுதி வைத்தார்: "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டாம். ஒண்டும் செய்ய வேண்டாம்."

இரண்டு மாதம் கழித்து அம்மம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. 1990க்கு அடிப்பமோ என்று வீட்டில் வாக்குவாதம். மாமா கொப்பியைக் காட்டினார். விடியும்வரை அவ வலியில் முனகிக்கொண்டு கிடந்தா. அவவுக்கு நல்ல நினைவு இருந்தது, கதைக்கவும் முடிந்தது. ஆனால் கொப்பி இருந்தபடியால் ஒருத்தரும் அவவைக் கேட்கேல்லை.

மாமாவில் பிழை இல்லை. பிழை அந்த வசனத்தில்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். அதற்குள் இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்தன.

முதல் கேள்வி, இதயம் நின்றுபோனால் என்ன செய்வது? சிபிஆர் என்றால் நெஞ்சை 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 தரத்துக்குக் குறையாமல் அமத்துவது. வயதானவர்களின் விலா எலும்பு இதில் முறியலாம். முற்றிய இதய வருத்தத்தில் அது பலன் தருவதும் குறைவு. இதை விளங்கிக்கொண்டு ஒருவர் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அந்த "வேண்டாம்" இதயம் நின்ற பிறகுதான் செல்லும். மருந்துக்கோ ஒட்சிசனுக்கோ வலி ஊசிக்கோ அது பொருந்தாது.

இரண்டாவது, ஆஸ்பத்திரிக்கு எப்போது போவது, எதற்காகப் போவது? இதற்கு ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் எழுத ஏலாது.

அம்மம்மா ஒப்பரேசன் முடிந்து வீடு வந்த பிறகு, டொக்டரும் பக்கத்தில் இருக்க, அவவைக் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுதினார்கள்:

"என்ர இதயம் நிண்டால் நெஞ்சை அமத்த வேண்டாம். விழுந்து எலும்பு முறிஞ்சாலோ, வலியோ மூச்சுத்திணறலோ வீட்டில அடங்காட்டிலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. வாட்டில மருந்து தரலாம்; ஐசியூவும் வென்டிலேட்டரும் வேண்டாம். சளிக்காய்ச்சல் எண்டால் முதலில வீட்டில மருந்து பாருங்கோ. நான் கதைக்கேலாத நேரத்தில மட்டும் இதைப் பாருங்கோ. அப்ப டொக்டரோட மகள் கதைக்கட்டும். வீட்டில, பிள்ளையள் பக்கத்தில இருக்க, போகத்தான் எனக்கு விருப்பம்."

கீழே திகதி, அவவின் கையெழுத்து, கூட இருந்தவர்களின் பெயர்கள். கடைசி வசனத்தை வெட்ட வேண்டாம். எழுதாத நிலைமை ஒன்று வந்தால் டொக்டருக்கு வழி காட்டுவது அதுதான்.

வீட்டுத் தாள் மட்டும் வைத்திய உத்தரவு ஆகாது. அதனால் ஒரு பிரதி கிளினிக் கொப்பிக்குள்ளே இருக்க வேண்டும். சிபிஆர் பற்றிய முடிவை டொக்டரும் தன் குறிப்பில் எழுத வேண்டும். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியால் வந்த பிறகும் வாசித்துக் காட்டி, "இப்பவும் இதுதானோ, அம்மம்மா?" என்று கேளுங்கோ. மனம் மாறியிருந்தால் பழைய தாளைக் கிழித்துப் புதிதாய் எழுதுங்கோ.