கோயில் நோட்டில் எழுதிய தொகை: வழக்கு நிற்குமா?

கேள்வி: திருப்பணிக்கு ரூ.10,000 தருவதாக வசூல் நோட்டில் எழுதியவர் இப்போது மறுக்கிறார். வழக்குப் போடலாமா?
- வாசகர், செந்துறை, அரியலூர் மாவட்டம்

பதில்: நெல் கொடுத்தால் பணம் கிடைக்கிறது. இப்படிப் பதிலுக்குக் கிடைப்பதைச் சட்டம் 'மறுபயன்' என்கிறது. மறுபயன் இல்லாத வாக்கு, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் வாக்கை நம்பி மற்றவர் செலவில் இறங்கிவிட்டால் கதை வேறு.

ஹவுராவில் நகர மண்டபம் கட்ட ஒருவர் 100 ரூபாய் எழுதினார். அந்த நன்கொடைப் பட்டியலை நம்பிக் காண்டிராக்டரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று 1886இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது.

1935இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு கோயில் வழக்கு. 125 ரூபாய் எழுதியவர் கொடுக்க வேண்டியதில்லை என்றானது. அவர் எழுதுமுன்பே திருப்பணி தொடங்கியிருந்தது. அவரை நம்பி யாரும் புதிதாக வேலையில் இறங்கவில்லை.

வரிச்சலுகை தருவதாக அரசு சொன்னதை நம்பிக் கான்பூரில் வனஸ்பதி ஆலை அமைத்தவர்களின் வழக்கில், மறுபயன் இல்லாவிட்டாலும் வாக்கு அரசைக் கட்டும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு 'வாக்குறுதி முரண்தடை' என்று பெயர்.

எனவே இரண்டு தேதிகளைப் பாருங்கள்: அவர் நோட்டில் எழுதிய நாள், ஸ்தபதியிடம் வேலை ஒப்படைத்த நாள். எழுதியது முந்தி, அதை நம்பி ஒப்படைத்தது பிந்தி, அது அவருக்கும் தெரியும் என்றால் வழக்குக்கு வலு உண்டு. நோட்டையும் ஸ்தபதியின் ஒப்பந்தத்தையும் வக்கீலிடம் காட்டுங்கள்.