வட்டியில்லாத் தவணைக்கு ஒன்றரை ரூபாய் வட்டி

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்ததும் வழவழப்பான நோட்டீஸ் ஒன்று விழுந்தது. ஆடிச் சலுகை, மனையைப் பார்க்க இலவச வேன், மதியச் சாப்பாடு, முன்பதிவு செய்தால் வெள்ளிக் காசு. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய சிவப்பு எழுத்தில் "வட்டியில்லாத் தவணை". நகைக்கடைச் சேமிப்புத் திட்டத்தைப் பற்றி இந்தப் பத்தி முன்பு எழுதியபோது வந்த அதே கோபம் இந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் மறுபடி வந்தது.

நோட்டீஸில் தவணை விலை மட்டும்தான் இருந்தது. முழுப்பணத்துக்கான விலையைத் தெரிந்துகொள்ள ஆபீசுக்கே போக வேண்டும். வட்டி ஒளிந்திருப்பது இந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில்தான்.

மதுரைப் பக்கத்திலிருந்து இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கும் பேருந்து நடத்துநர் ஒருவர், தன் தவணை அட்டையை நகலெடுத்து அனுப்பியிருந்தார். அவர் வாங்கியது அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. முழுப்பணம் கட்டி உடனே பதிந்தால் சதுர அடி 500 ரூபாய், மொத்தம் 6 லட்சம். தவணை என்றால் சதுர அடி 650 ரூபாய், மொத்தம் 7 லட்சத்து 80 ஆயிரம். முன்பணம் 1 லட்சம், மீதி 40 மாதத்துக்கு மாதம் 17,000.

புரோக்கர் அவருக்குச் சொன்ன கணக்கு எளிமையானது. 6 லட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் கூடுதல், அதாவது 30 சதவீதம். மூன்றேகால் வருஷத்துக்கு மேல் போவதால் வருஷத்துக்கு 9 சதவீதம்தான், பேங்க் கடனும் அவ்வளவுதான் என்றாராம்.

இதில் இரண்டு இடத்தில் தவறு இருக்கிறது. முதல் நாளே 1 லட்சம் கட்டிவிட்டதால் நடத்துநர் கடன்பட்டது 6 லட்சம் அல்ல, 5 லட்சம். அந்த 5 லட்சமும் 40 மாதமும் அவரிடம் இருக்கவில்லை. மாதாமாதம் அசல் கரைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருந்த கடன் ஏறக்குறைய 2 லட்சத்து 80 ஆயிரம்தான். அதற்குத்தான் 1 லட்சத்து 80 ஆயிரம் கொடுக்கிறார். தொடக்கத் தொகைக்கே கடைசிவரை வட்டி போட்டுக் காட்டும் இந்த 'பிளாட்' கணக்கின்மேல் இந்தப் பத்திக்கு உள்ள பழைய வழக்கு வாசகர்களுக்குத் தெரியும். வண்டிக் கடனிலும் தனிநபர் கடனிலும் இப்படித்தான், சொல்லும் விகிதத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்மை விகிதமாக வந்து நிற்கும்.

உண்மை விகிதத்தைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் வேண்டியதில்லை. கைப்பேசியில் உள்ள கணக்குத்தாளில் இந்த ஒரு வரியை அடித்தால் போதும்:

```
=RATE(40,-17000,500000)*12
```

மாதங்கள், மாதத் தவணை, முழுப்பண விலையில் முன்பணம் போக மீதி. விடை வருஷத்துக்கு 19 சதவீதம். ஊர்ப்பேச்சில் சொன்னால் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கும் கொஞ்சம் மேலான மாத வட்டி. முதல் மாதம் கட்டிய 17,000 ரூபாயில் ஏறத்தாழ 8,000 வட்டிக்கே போயிருக்கிறது. இதே 5 லட்சத்தை 10 சதவீதத்தில் எங்காவது வாங்கி அதே 40 மாதத்தில் அடைத்திருந்தால், மாதத் தவணை 14,750 ரூபாய் அளவில் இருந்திருக்கும். வட்டியும் மொத்தம் 90 ஆயிரத்தோடு முடிந்திருக்கும், சரியாகப் பாதி.

நோட்டீஸைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் நடத்துநரின் கடிதத்தில் கடைசிப் பத்திதான் இந்த வாரம் தூங்கவிடவில்லை.

இருபதாவது தவணை கட்டிய கையோடு அவருக்கு ஒரு சீட்டுப்பணம் வந்தது. மிச்சத்தையும் மொத்தமாகக் கட்டிப் பதிந்துவிடலாம் என்று ஆபீசுக்குப் போனார். அட்டைப்படி மீதி 3 லட்சத்து 40 ஆயிரம். முன்கூட்டியே கட்டுகிறேனே, ஏதாவது குறைப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண் சொன்ன பதில்: "அண்ணே, நாங்க வட்டியே போடலையே. அப்புறம் எதைக் கழிக்கிறது?"

அந்தப் பெண் மேல் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. ஆனால் இந்தச் சொல்லின் வேலை அந்த இடத்தில்தான் தெரிகிறது. கடன் என்று எழுதியிருந்தால், 20 மாதம் முடிந்த நிலையில் நிற்கும் அசல் ஏறக்குறைய 2 லட்சத்து 89 ஆயிரம். வட்டி இல்லை என்று எழுதிவிட்டதால் இன்னும் வராத 20 மாதத்து வட்டியும் விலைக்குள் உறைந்துவிட்டது. மொத்தமாகக் கட்டினால் நடத்துநருக்கு 51 ஆயிரம் நஷ்டம். அப்படிக் கட்டியவருக்கு உண்மை விகிதம் 19 அல்ல, 25 சதவீதமாக ஏறுகிறது. பொறுப்பாகச் சீக்கிரம் அடைப்பவர்தான் அதிக வட்டி கொடுக்கிறார். இது அநியாயம்.

சுழிய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. டி.வி., ஃபிரிட்ஜ் தவணைகளில் வட்டியை வேறு பெயரில் மறைப்பதைப் பற்றியது அது. மனை விற்பவர் வங்கி இல்லை, அதனால் அந்தச் சுற்றறிக்கை அவரைத் தொடாது.

அவரைத் தொடும் சட்டம் வேறு. 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது 'ரெரா', 13ஆம் பிரிவில் சொல்கிறது: கிரய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. நடத்துநரின் மனைக்கு அது 78 ஆயிரம். அவரிடம் முதல் நாளே 1 லட்சம் வாங்கியிருக்கிறார்கள். இருபது மாதத்தில் அவர் கட்டியது 4 லட்சத்து 40 ஆயிரம். கையில் இருப்பது பதியாத ஒரு தாளும் அட்டையும்தான். கடைசித் தவணை கட்டும்வரை நிலம் விற்றவர் பெயரில்தான் இருக்கும். நடுவில் அவர் அதை அடமானம் வைத்தால் வில்லங்கச் சான்றில் இவர் பெயரே இருக்காது. மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி கொடுத்தும் இவருக்கு நிலத்தின்மேல் பதிந்த பிடி எதுவும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கி மனைக்கடன் எளிதில் கொடுக்காது. தவணை மனைதான் அவருக்குத் திறந்திருக்கும் கதவு. பகுதியில் விலை வேகமாக ஏறினால் இன்றைய விலையைப் பிடித்துவைப்பதற்கு 19 சதவீதமும் தகும் என்று ஒருவர் முடிவு செய்யலாம். அது அவர் உரிமை. 19 என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ஆடி வேனில் ஏறும் வாசகர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்றைக்கே முழுப்பணம் கட்டிப் பதிந்தால் என்ன விலை? பாதியில் மொத்தமாக அடைத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்? இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிரய ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பிறகு பெரிய தொகையைக் கொடுங்கள். நடத்துநர் சீட்டுப்பணத்தை இன்னும் கட்டவில்லை. அதை வங்கியில் போட்டுவிட்டு, ஒப்பந்தத்தைப் பதிந்து தரச் சொல்லி எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்.