ஆஸ்கருக்குப் போகும் இந்தியப் படத்தை யார் தேர்வு செய்கிறார்கள்? தேனி மலையிலிருந்து ஒரு படம் போகணும்னா என்ன வழி?

ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் ஒரு தொழிலாளி, சொந்தமாகத் துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறார். தேனி மாவட்ட மலையடிவாரத்தில் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தின் கதை இது. 2018 ஆகஸ்ட் 24-ம் தேதி ரிலீஸ் ஆனது. அந்த ஆண்டு இந்தியா ஆஸ்கருக்கு அனுப்பியது 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' என்ற அசாமியப் படம். இப்படி ஒரு படத்தைத் தேர்வு செய்வது யார்?

மத்திய அரசுதான் அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அனுப்புவது, திரைத்துறையினரின் அமைப்பான இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு. சர்வதேச திரைப்படப் பிரிவுக்கு ஒரு நாடு அனுப்பக்கூடியது ஒரே ஒரு படம்தான்.

முதல் வடிகட்டல் தேதிதான். 2018-க்கான கணக்கு, 2017 அக்டோபர் 1 முதல் 2018 செப்டம்பர் 30 வரை. அதற்குள் சொந்த நாட்டுத் தியேட்டரில் ரிலீஸாகி, தொடர்ந்து 7 நாளாவது ஓட வேண்டும். ஆகஸ்டில் வந்த படம் கணக்குக்குள் வரும். அக்டோபரில் வந்திருந்தால் அடுத்த ஆண்டுதான்.

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். தேர்வுக் குழு நல்ல படத்தைத் தேடிப் போகாது. தயாரிப்பாளர்தான் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கணும். விண்ணப்பிக்காத படம், எவ்வளவு நல்ல படமானாலும் பட்டியலிலேயே இருக்காது.

அதற்குப் பிறகு குழுவின் ரசனை. 2024-ல் 29 படங்கள் போட்டியில் இருந்தன. 'மகாராஜா', 'கொட்டுக்காளி', 'வாழை' உட்பட 6 தமிழ்ப் படங்கள். 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்குக் கேமரா பிடித்த தேனி ஈஸ்வர்தான் 'வாழை'க்கும் ஒளிப்பதிவாளர். ஜானு பரூவா தலைமையிலான 13 பேர் குழு, 'லாபதா லேடீஸ்' இந்திப் படத்தைத் தேர்வு செய்தது. 13 பேரும் ஆண்கள். பெண்களைப் பற்றிய படத்தைத் தேர்வு செய்த குழுவில் ஒரு பெண்கூட இல்லையே என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

கேன்ஸில் கிராண்ட் பிரி வென்ற 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' ஏன் இல்லை? இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் பார்ப்பதுபோல இருந்ததாகக் குழு கருதியது என்று கூட்டமைப்பின் தலைவர் ரவி கொட்டாரக்கரா விளக்கம் சொன்னார். சிக்கலே இங்கேதான். குழு பார்ப்பது 'இது இந்தியப் படமா' என்று. ஆஸ்கரில் ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. டிசம்பரில் 15 படப் பட்டியல் வந்தபோது 'லாபதா லேடீஸ்' இல்லை. வட இந்தியாவில் நடக்கும் 'சந்தோஷ்' என்ற இந்திப் படம் இருந்தது. அதை அனுப்பிய நாடு பிரிட்டன்!

மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் எடுத்த 'கூழாங்கல்' 2021-ல் இந்தியா சார்பில் போனது. அதுவும் 15-க்குள் வரவில்லை. ஆக, சின்னத் தமிழ்ப் படத்தைக் குழு ஒதுக்கிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது.

இந்தக் குழுவைத் தாண்ட இன்னொரு வழி உண்டு. அமெரிக்காவில் தியேட்டரில் ஓட்டி, பொதுப் பிரிவுகளில் நேரடியாகப் போட்டியிடலாம். 2022-ல் இந்தியா அனுப்பாத 'ஆர்.ஆர்.ஆர்' அப்படித்தான் போய், பாட்டுக்கு விருது வாங்கியது. ஆனால் அங்கே ரிலீஸ், விளம்பரம், உறுப்பினர்களுக்குப் படம் போட்டுக் காட்டுவது என எல்லாமே தயாரிப்பாளர் செலவு. மூட்டை சுமப்பவரின் கதையை எடுத்த சின்னப் படத்துக்கு அவ்வளவு காசு எங்கிருந்து வரும்?