முதல் கடிதத்தில் என்ன கேட்பது?

கடக்வாஸ்லாவில் படிக்கும் பிள்ளை வெளிநாட்டுப் பேனா நண்பருக்கு எழுதும் முதல் கடிதத்தில் வணக்கம், பெயர், வகுப்பு எல்லாம் மூன்று வரியில் அடங்கட்டும். 'கிரிக்கெட் பிடிக்குமா?' என்று கேட்டால் 'ஆம்', 'இல்லை' என்பதோடு பதில் நின்றுவிடும். ஊரைச் சொல்லிக் கேள்வியைத் தொடங்குவதே நல்லது. 'புனே நகரம் குடிப்பது எங்கள் கடக்வாஸ்லா அணைத் தண்ணீர். 1961 ஜூலை 12-இல் மேலே பான்ஷேத் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் இந்த அணையும் உடைந்தது' என்று எழுதலாம். பிறகு, 'உங்கள் ஊருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? மழை எந்த மாதம்?' என்று கேட்டால், நண்பர் வீட்டில் விசாரித்தாவது எழுதுவார். இரண்டு கேள்வி போதும். உறையின் கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதுங்கள்; அனுப்புநர் முகவரியாகப் பள்ளி முகவரியையே கொடுங்கள்.